செவ்வாய்க்கிழமை ஓட்டம்

முப்பத்தைந்து வயதில் சிலுவைராஜுக்கு இருந்தது ஒரே ஆசைதான்: பத்தாயிரம் மீட்டரை முப்பத்துமூன்று நிமிஷத்துக்குள் ஓடி, 1984 சிங்கப்பூர் அணியில் ஒரு இடம். ஏழு வருஷமாக ஒரு வினாடி, நாலு வினாடி என்று தவறிப்போன இடம். செம்பவாங் கப்பல் பட்டறையில் நாள் முழுக்க வெல்டிங் செய்துவிட்டு ஓடுகிற காலுக்கு இதற்கு மேல் வருஷம் கிடையாது என்பது அவனுக்கே தெரியும்.

பயிற்சி கொடுத்தவர் அப்துல் முத்தலிப். சிராங்கூன் ரோட்டில் ஜவுளிக்கடை, சாயங்காலம் ஃபேரர் பார்க் மைதானம். ஏழு வருஷமும் ஒரே வாரம்தான் திரும்பத் திரும்ப: செவ்வாய் நானூறு மீட்டர் வேக ஓட்டங்கள், வியாழன் நடுத்தர வேகம், ஞாயிறு நீண்ட ஓட்டம். இந்த முறை எங்கேயோ ஒரு வெளிநாட்டுக் கட்டுரையைப் படித்துவிட்டு மனுஷன் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். நாலு வாரம் தூரம் மட்டும். அடுத்த மூணு வாரம் நடுத்தர வேகம். கடைசி இரண்டு வாரம் நானூறுகள், ஏனென்றால் சீக்கிரம் கரைவது வேகம், அதைப் பந்தயத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். கால் கனக்கும், பயப்படாதே, ஒன்றோடு ஒன்றைக் கலக்காதே, அப்புறம் தானாக எழும் என்றார்.

சொல்வது சுலபம். முதல் வாரமே சிலுவைராஜுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. செவ்வாய் ஓடாவிட்டால் வேகம் போய்விடுமே! ஆங் மோ கியோ வீட்டுக்குப் பின்னால் பள்ளிக்கூட மைதானத்தில், யாருக்கும் தெரியாமல், வாராவாரம் பன்னிரண்டு நானூறு ஓடினான். முத்தலிப் பாய் கொடுத்த தூரத்தையும் ஒரு மைல்கூடக் குறைக்கவில்லை. அவன் மனைவி அற்புதமேரிக்கு மட்டும் தெரியும். மெழுகுவர்த்தியை ரெண்டு பக்கமும் கொளுத்துறீங்க என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள், அப்புறம் விட்டுவிட்டாள்.

கடைசி இரண்டு வாரத்தில் வேகம் எழ வேண்டியது. எழவில்லை. எழுபத்துநாலு வினாடியில் வர வேண்டிய சுற்று எழுபத்தெட்டில் வந்தது. பாய் நெற்றியைச் சுருக்கினார்.

தேர்வு ஓட்டத்தில் பதினைந்து சுற்று எழுபத்தொன்பதில் ஓடினான். அதற்குப் பிறகு காலில் ஒன்றும் மிச்சமில்லை. முப்பத்துமூன்று நாற்பத்தொன்று.

புல்லில் கிடந்தவன் பக்கத்தில் முத்தலிப் வந்து உட்கார்ந்தார். தப்பு தன்னுடையதுதான் என்றார். நல்லா ஓடிக்கிட்டிருந்தவனைக் கெடுத்துட்டேன், என்கிட்ட ஓடுற மத்த அஞ்சு பேரையும் நாளைக்கே பழைய வாரத்துக்கு மாத்திடறேன் என்றார்.

சிலுவைராஜுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சும்மா இருந்தால் பழி அவரோடு போய்விடும். ஆனால் இருக்க முடியவில்லை.

“பாய், செவ்வாய்க்கிழமை நான் விடவே இல்ல. ஒம்போது வாரமும் ஓடினேன்.”

முத்தலிப் கையிலிருந்த நிறுத்துக்கடிகாரத்தைச் சட்டைப்பையில் போட்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“அப்ப ராஜ், பழசையும் புதுசையும் கலந்துட்டே, உன் உடம்புக்கு எது சரின்னு நமக்குத் தெரியவே தெரியாது லா,” என்றார்.

தெரிந்துகொள்ள இன்னொரு வருஷம் வேண்டும். அது சிலுவைராஜிடம் இல்லை.