எடுப்புக் கொப்பியில் இருபது மூட்டை

நல்லரத்தினம் செத்து எட்டு மாதம். அவனுடைய பங்கைக் கணக்கு முடித்து அவன் பெண்சாதி இரத்தினம்மாவிடம் கொடுக்கிற நாள் அன்றைக்கு. களுவாஞ்சிக்குடியில் நானும் அவனும் சரிபாதிக்கு நடத்திய நெல்லாலையின் கந்தோர் அறையில் மூன்று பேர் இருந்தோம்: நான், அவள், கணக்காளர் வினாயகமூர்த்தி.

பங்காளி ஒருவர் இறந்தால் மற்றவர் ஆலையைத் தொடரலாம், வாரிசுக்குரியதை மூன்று தவணையில் வட்டியோடு கொடுக்க வேண்டும் என்று எங்கள் ஒப்பந்தத்தில் இருந்தது. இரத்தினம்மா நீதிமன்றத்தில் அவன் சொத்துக்கு நிர்வாகக் கடிதம் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். இனி அவள் கையெழுத்துச் செல்லும்.

வினாயகமூர்த்தி வாசித்தார். அந்த மனிசனுக்கு எதை வாசித்தாலும் ஒரே குரல்தான். "அவர் போட்ட முதல் இருபது லட்சம். கட்டடத்தையும் மிசினையும் இண்டைய விலைக்கு மதிச்சதில அவரிட பாதி இருபத்திரண்டு. கடைசி வருஷம் சாகும் நாள் வரைக்குமான இலாபத்தில பாதி ஆறு. எல்லாமா நாப்பத்தெட்டு." அடுத்த தாளைப் புரட்டினார். "ஆனா அவர் பல வருஷமா தன்ர பங்கு இலாபத்துக்கு மேலால எடுத்திருக்கார். அதில ஆறு லட்சம் கழியும். மிச்சம் நாப்பத்திரண்டு."

இரத்தினம்மாவின் முகம் சுருங்கிப் போனது. மகள் வதனிக்குச் சீதனமாகக் கட்டுகிற வீடு கூரையில்லாமல் நிற்பது எனக்குத் தெரியும். கார்த்திகை மழை வரமுன் ஓடு போட வேண்டும். ஆனால் அவள் காசைப் பற்றிக் கேட்கவில்லை.

"கூட எடுத்தவரா? என்னத்த எடுத்தவர்?"

"பெரும்பாலும் அரிசிதான் அம்மா."

"அரிசியா?" அவள் என்னைப் பார்த்தாள். "வீட்டுக்கு மாதம் ஒரு மூட்டை வரும் அண்ணன். மூணு வருஷமா அதுவும் இல்ல. கடையிலதான் வாங்கித் திண்டம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஆலைக்காரன்ட வீட்டுக்குக் கடை அரிசியா?"

"நீங்க ஏசினதெண்டு சொன்னவர். கனகசூரியம் சொல்றதும் சரிதான், குறைப்பம் எண்டார்."

கனகசூரியம் நான்தான். ஏசினேன்தான். மூன்று வருஷத்துக்கு முன், இதே மேசையில், எடுப்பு கூடிப்போச்சு மச்சான் என்று சத்தம் போட்டேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

எடுப்புக் கொப்பியை இழுத்துப் பார்த்தேன். ஆலையிலிருந்து விற்காமல் வெளியே போகிற அரிசிக்கு எவன் கையெழுத்து வைக்கிறானோ அவன் பேரில் எழுத வேண்டும் என்பது எங்கள் கட்டளை. கிளாக்கர் ஒரு எழுத்துப் பிசகாமல் செய்திருந்தார். வைகாசி, இருபது மூட்டை, நல்லரத்தினம். அடுத்த வைகாசி, இருபது மூட்டை, நல்லரத்தினம். இப்படி ஒன்பது வருஷம்.

வைகாசி என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. கண்ணகையம்மன் குளிர்த்திச் சடங்குக்கு ஆலை கொடுக்கிற அரிசி அது. இரண்டு பேருமாகப் பேசிக் கொடுத்தது. உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போகிறவன் அவன் என்பதால் கையெழுத்தும் அவனுடையது. ஒலிபெருக்கியில் ஆலையின் பேர் சொல்லும்போது பட்டு வேட்டியோடு முன்னுக்கு நின்று காளாஞ்சி மரியாதை வாங்குகிறவன் நான். அவன் அந்த நேரம் வியர்வை கழுவ வீட்டுக்குப் போயிருப்பான்.

இதை அறிந்தவன் அந்த அறையில் நான் மட்டும்தான். கொப்பியில் கோயில் என்று ஒரு சொல் இல்லை. மூடி வைத்தால் முடிந்தது. உண்மையைச் சொல்வதென்றால், ஒரு நிமிஷம் மூடித்தான் வைத்தேன்.

பிறகு கடை அரிசி நினைவு வந்தது. வெட்கத்தோடு கொப்பியைத் திரும்பத் திறந்தேன்.

"வினாயகமூர்த்தி, இந்த வைகாசி அரிசி முழுக்க எவ்வளவு?"

அவர் கூட்டினார். "பதினாலு லட்சத்து நாப்பதாயிரம்."

"அது கோயிலுக்குக் குடுத்தது. ஆலைச் செலவு. ரெண்டு பேரிலயும் பாதி பாதி போடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "உங்கட கணக்கில ஏழு லட்சத்து இருபதாயிரம் குறையும்."

"குறையட்டும்."

"அப்ப அவர் கூட எடுக்கவே இல்ல. ஒரு லட்சத்து இருபதாயிரம் அவருக்குத்தான் வரவேணும். எல்லாமா நாப்பத்தொன்பது லட்சத்து இருபதாயிரம்."

இரத்தினம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப அவர் கூட எடுக்கல்லயா அண்ணன்?"

"இல்ல தங்கச்சி. நான்தான் பாராமல் ஏசிப்போட்டன்."

அவள் அழுதாள். நானும் அழுதேன், வினாயகமூர்த்தி யன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு முதல் தவணைக் காசோலையில் கையெழுத்து வைத்தேன். அவள் பற்றுச்சீட்டில் வைத்தாள்.

வாசலில் நின்ற ஆட்டோவில் ஒரு மூட்டை சம்பா அரிசியை ஏற்றச் சொன்னேன். அவள் மறித்தாள்.

"கொப்பியில எழுதாம வேணாம் அண்ணன்."

உள்ளே போய் எழுதினேன். ஒரு மூட்டை, கனகசூரியம்.