ஜில்லுனு போட்ட முட்டை

எனக்கு வாயி நீளம். ஆரம்பாக்கத்துல எங்க தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, "சாராளா? அது வாயத் தொறந்தா ரயிலு சத்தமே கேக்காது"ன்னு. நானும் அதைப் பெருமையாத்தான் நெனச்சிக்கினு இருந்தேன். இப்ப அந்த வாயை நெனச்சா வெக்கமா இருக்குது.

நான் ஊட்டுல கேக்கு செஞ்சி விக்கிறவ. பொறந்த நாளு, நிச்சயதார்த்தம், சர்ச்சு விசேஷம்னு நாலு வருஷமா செய்யறேன். மூணு ஊடு தள்ளி இருக்கற ஜெபாதான் கூட வந்து வெண்ணெ நிறுத்து, மாவு சலிச்சிக் குடுப்பா. அதிர்ந்து பேசாத பொண்ணு. வேலை முடிஞ்சி போகச்சொல்ல ஒரு எவர்சில்வர் டப்பாவைப் பையில வெச்சிக்கினு போவா. அதுல இன்னா இருக்குதுன்னு நான் கேட்டதே இல்ல.

போன மார்ச்சுல எங்க ஊட்டுக்காரரு சாம்சன், தேர்வாய் கண்டிகை கம்பெனியில போனஸ் வந்துதுன்னு ஒரு ஃப்ரிட்ஜு எடுத்தாரு. எங்க தெருவுலயே பெரிய ஃப்ரிட்ஜு. பாஸ்டரை வரவழைச்சி அதுக்கு முன்னாடி ஜெபம்கூடப் பண்ணோம், சிரிக்காதீங்க. அன்னியிலேர்ந்து வெண்ணெ, முட்டை, பால் எல்லாம் உள்ளாறதான். கேக்குக்குத் தேவைன்னா கதவைத் தொறந்து எடுத்து நேரா பாத்திரத்துல போடுவேன். என்னமோ ராணி மாரி ஒரு நெனப்பு.

ரெண்டாவது வாரமே கேக்கு கெட்டுப்போச்சு. மேல எழும்பல. வெட்டுனா கத்தியில ஈஷிக்கினு வருது, அடியில எண்ணெப் பிசுக்கு. வாங்குனவங்க ஃபோன் பண்ணி, "இன்னாக்கா, செங்கல்லு மாரி கீது?"ன்னாங்க. அடுத்ததும் அதே கதி.

ஜெபா அப்பவே ஒரு வார்த்த சொன்னா. "அக்கா, முட்டை ஜில்லுனு இருக்குது. கொஞ்ச நேரம் வெளிய வெச்சிப் போடலாமா?"

"ஃப்ரிட்ஜு வெச்சிக்கினு இருக்கறவ நானா, நீயா?"ன்னு கேட்டேன். அவ மாவு சலிக்கப் போயிட்டா.

எனக்கு ஒரே சந்தேகந்தான். வெண்ணெ கம்மியா விழுது. நிறுக்கறது யாரு? ஜெபா. டப்பா எடுத்துக்கினு போறது யாரு? ஜெபா. அவ்ளோதான், எனக்குள்ள முடிவாயிடுச்சி.

அன்னிக்கி சாயங்காலம் அவ தெருவுல எறங்கி நடக்கச்சொல்ல, பின்னாலயே போயி பையைப் புடுங்கினேன். "வெண்ணெ திருடி! டப்பாவுல இன்னாடி?"ன்னு கத்தினேன். கம்பெனி பஸ்ஸுலேர்ந்து எறங்குன ஆம்பளைங்க எல்லாம் நின்னுட்டாங்க. அவ மாமியாரு கங்கம்மா வாசல்ல நின்னு பாத்துக்கினு இருந்தாங்க. நான் டப்பாவைத் தொறந்தேன். உள்ள முட்டை ஓடு. நொறுக்குன முட்டை ஓடு.

"ரோஜாச் செடிக்குப் போடறதுக்குக்கா"ன்னா. கண்ணுல தண்ணி.

அப்பவாவது நான் வாயை மூடியிருக்கலாமில்ல? "இன்னிக்கி வேற எங்கனா ஒளிச்சி வெச்சிருப்ப"ன்னு சொன்னேன். பாவி நான். இதையும் சொன்னேன்.

மறுநாள்லேர்ந்து அவ வரல.

அடுத்த சனிக்கெழமை பாக்கியநாதன் அண்ணன் புள்ள பீட்டருக்கு நிச்சயதார்த்தம். மூணு அடுக்குக் கேக்கு. காத்தாலயே ஒண்டியா ஒக்காந்தேன். வெண்ணெயை நானே தராசுல நிறுத்தேன், ஒரு கிராம் கொறையல. கல்லு மாரி கெட்டி. அடிக்கிற மிஷினைப் போட்டா கட்டி கட்டியா சுத்துது, சக்கரையோட சேரவே மாட்டேங்குது. எப்பிடியோ அடிச்சி, ஃப்ரிட்ஜு முட்டையை ஒடைச்சி ஊத்துனேன். மூணாவது முட்டையில திரிஞ்சி போச்சி. பால் திரியற மாரியே தண்ணி வேற, திப்பி வேற. அதையே மாவு போட்டு வேக வெச்சேன். வெளிய எடுத்தா அதே செங்கல்லு.

வெண்ணெ நிறுத்தது நானு. அடிச்சது நானு. சமையக்கட்டுல வேற ஒரு ஈ காக்கா இல்ல. அப்பிடியே கீழ ஒக்காந்துட்டேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். நான் கூடத்தைக்கூட விட்டுட்டேன், பக்கத்துல நின்ன பொண்ணைக் கோணல்னுட்டேன்.

ஃப்ரிட்ஜு வர்றதுக்கு முன்னாடி எப்பிடி செஞ்சேன்னு அப்பதான் யோசிச்சேன். அன்னிக்கி வெண்ணெயை அன்னிக்கே கும்மிடிப்பூண்டி பஜார்ல வாங்குவேன். பஸ்ஸுல ஊடு வர்றதுக்குள்ள அது பதமா எளகியிருக்கும். முட்டை கூடையில கெடக்கும். எளகுன வெண்ணெயில சக்கரை சேந்து அடிச்சாத்தான் காத்து புடிச்சி வெள்ளையா பொங்கும். அந்தக் காத்துதான் கேக்கைத் தூக்கறது. அதுல ஜில்லுனு முட்டையோ பாலோ வுழுந்தா வெண்ணெ மறுபடி வெறைச்சி, தண்ணி தனியா பிரிஞ்சிடுது. ஜெபா ஒரே வரியில சொன்னது இதைத்தான்.

அவசரத்துல இன்னும் ரெண்டு கூத்து பண்ணேன். முட்டை மேல கொதிக்கிற தண்ணி ஊத்துனேன், ஒடைச்சா ஓரமெல்லாம் வெந்து கெடக்குது. வெண்ணெயை அடுப்புப் பக்கம் வெச்சேன், நெய்யா உருகி ஓடிச்சி. உருகுனது காத்தைப் புடிக்காது, அதுவும் பாழு.

அப்பறம் நிதானமா செஞ்சேன். முட்டையை ஓட்டோட வெதுவெதுன்னு இருக்கற தண்ணியில போட்டேன், கை வெச்சா சொகமா இருக்கணும், அவ்ளோதான் சூடு. பத்து நிமிஷம். வெண்ணெயைச் சின்னச் சின்னத் துண்டா நறுக்கித் தட்டுல பரப்புனேன். நம்ம ஊரு வெயிலுக்குக் கால் மணி நேரமே ஜாஸ்தி. வெரலை வெச்சா பள்ளம் வுழணும், பளபளன்னு எண்ணெ கசியக்கூடாது. பால் டம்ளரை வெந்நிப் பாத்திரத்துக்குள்ள நிக்க வெச்சி, மணிக்கட்டுல ஒரு சொட்டு வுட்டுப் பாத்தேன். சூடும் தெரியல, குளிரும் தெரியல. ஒடனே செஞ்சேன். இந்தச் சூட்டுல முட்டையும் பாலும் மணிக்கணக்கா வெளிய கெடந்தா கெட்டுப்பூடும்.

முட்டையை ஒண்ணொண்ணா ஊத்தி அடிச்சேன். திரியல. கேக்கு பூவாட்டம் எழும்பி வந்துச்சி. வேற எந்த நாளா இருந்தாலும் குதிச்சிருப்பேன். அன்னிக்கி அதைப் பாக்கப் பாக்க அழுகதான் வந்துச்சி.

நிச்சயதார்த்தம் நல்லபடியா முடிஞ்சிது. ஞாயித்துக்கெழமை சர்ச்சு வுட்டதும் ஒரு துண்டு கேக்கை எடுத்துக்கினு ஜெபா ஊட்டுக்குப் போனேன். கங்கம்மா அத்த வாசல்ல ஒக்காந்திருந்தாங்க. இடுப்புல புதுசா ஒரு சாவி தொங்குச்சி. பின்னால ஜெபா நின்னா.

"அத்த, அன்னிக்கி நான் தப்பா சொல்லிட்டேன்"ன்னு மெதுவா சொன்னேன். "தப்பு என்னுது. ஜெபா வெண்ணெ எடுக்கல."

அவங்க என்னை ஏற எறங்கப் பாத்தாங்க. "அன்னிக்கித் தெருவே திரும்பற மாரி கத்துன. இன்னிக்கி இன்னா இவ்ளோ சன்னமா பேசற? நீ கத்துனதுலேர்ந்து அரிசி டப்பா அலமாரியைப் பூட்டி வெச்சிக்கினு இருக்கறேன் நானு."

நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சி. தெருவுல எறங்கினேன். சர்ச்சுலேர்ந்து ஜனம் வந்துக்கினு இருந்துச்சி. வாயைத் தொறந்தா சத்தமே வரல. எனக்கு! மூணாவது தபாதான் வந்துச்சி.

"ஜெபா திருடல! ஃப்ரிட்ஜுலேர்ந்து ஜில்லுனு எடுத்துப் போட்டு நான்தான் கேக்கைக் கெடுத்தேன்! பழியை அந்தப் பொண்ணு மேல போட்டேன்!"

எல்லாரும் நின்னாங்க. ஒருத்தரும் சிரிக்கல, சிரிச்சிருந்தாக்கூடத் தேவலாம்.

திரும்பிப் பாத்தா, கங்கம்மா அத்த சாவியை அவுத்து ஜெபாகிட்ட நீட்டிக்கினு இருந்தாங்க. ஜெபா கையை நீட்டல.

"அக்கா வெளியாளு, போவட்டும்"ன்னா. "நீங்க என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் அத்த."

சொல்லிட்டு உள்ள போயிட்டா. அந்தம்மா சாவியோட நிக்கிறாங்க, நான் கேக்கோட நிக்கிறேன். ஒருத்தர் மூஞ்சை ஒருத்தர் பாக்க முடியல.