குதிக்கிற பித்தளைத் தட்டு

சமையலறைச் சந்தேகத்துக்குப் பதில் சொல்ற தம்பிக்கு,

நானே ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தட்டுறேன், தப்பிருந்தா திருத்திக்கோங்க. எங்கம்மா விட்டுட்டுப் போன பித்தளைத் தட்டு ஒண்ணு இருக்கு. உள்ளங்கை அகலம். ஒரு பக்கம் வழவழன்னு மேடு, மறுபக்கம் குழி, சுத்தி குட்டை விளிம்பு. விளிம்புல ஒரே ஒரு இடத்துல சின்ன வெட்டு. முழுக்க ஈயம் பூசியிருக்கு. மகன், "சாம்பல் தட்டும்மா, பாட்டி திருட்டுத்தனமா சிகரெட் புடிச்சிருக்கும்"னான். நல்ல வாய்! மருமக அதுல சோப்பு வெச்சுட்டா.

போன மாசம் பால் பொங்கி அடுப்பு அணைஞ்சுபோச்சு. நான் முன்னறையில துணி மடிச்சுட்டு இருக்கேன், வீடு பூரா கேஸ். "இன்னொரு தடவை ஆச்சு, அடுப்பையே தூக்கிடுவேன். ஃபிளாஸ்க்ல ஊத்தி வெச்சுட்டுப் போறோம், குடி"ன்னான் மகன். வாழ்நாள் பூரா ஊருக்கே காப்பி போட்டவளுக்கு ஃபிளாஸ்க்!

அப்பதான், அம்மா பால் பாத்திரத்துக்குள்ள ஏதோ போடுவாங்களேன்னு ஞாபகம் வந்துச்சு. சோப்பைத் தட்டிட்டு, நல்லாத் தேய்ச்சுக் கழுவி, தண்ணியில போட்டுப் பார்த்தேன். குழி மேல பார்த்து வெச்சா சும்மா கெடக்குது. கவுத்து வெச்சா, அடடா! அடியில ஆவி சேருது, அந்த வெட்டு வழியா குபுக்குனு பெரிய குமிழா வெளிய வருது, தட்டு எழும்பி விழுது. கொதி ஏற ஏறக் குதியும் ஜாஸ்தி. பால்லயும் அதேதான். பெரிய குமிழு பாலேட்டைக் கிழிச்சுட்டு வர்றதால பொங்குறதும் கொஞ்சம் தள்ளிப்போகுது. ஆனா அடுப்பை நாமதான் அணைக்கணும்.

குதிக்குது தம்பி, சத்தம்தான் வரல. அம்மா போடறப்ப தெருவரைக்கும் டக்கு டக்குனு கேக்கும், அங்க விளையாடற எனக்கே கேக்கும். விளிம்பு தேஞ்சா சத்தம் போயிடுமான்னு கேக்கத்தான் இந்தக் கடுதாசியை ஆரம்பிச்சேன்.

முழுசா எழுதி முடிக்கறதுக்குள்ள வேற மாதிரி ஆயிடுச்சு. நேத்து பாலை வெச்சு, தட்டைக் கவுத்துப் போட்டு, காது மெஷினையும் மாட்டிக்கிட்டு என் ரூம்ல உக்காந்து சத்தத்துக்குக் காத்திருந்தேன். மருமக மாடியிலேர்ந்து ஓடிவந்து அடுப்பை அணைச்சா. என் முன்னாடி வந்து நின்னு கத்துறா:

"என்ன அத்தே! மாடி வரைக்கும் தடதடங்குது, நீங்க பாட்டுக்கு உக்காந்திருக்கீங்க?"

"எங்கடி தடதடங்குது?"ன்னேன்.

அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அவ முகமே மாறிப்போச்சு. திட்டியிருந்தாக்கூடத் தேவல. "சரி வாங்க, சாப்பிடலாம்"னு கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனா.

ஞாயித்துக்கிழமை அடுப்பைக் கழட்ட ஆள் வருதாம். காது டாக்டர் இதுக்கு மேல மெஷின் கிடையாதுன்னுட்டார்.

அதனால கேள்வியை மாத்திக்கோங்க தம்பி. சத்தம் போடாம வேற விதமாக் கூப்பிடற சாமான் ஏதாச்சும் உண்டா? பத்திரிகையில உங்க பகுதி அடுத்த வெள்ளிக்கிழமைதான் வரும், தெரியும். இருந்தாலும் கேட்டு வெக்கிறேன்.

தட்டுல மறுபடியும் சோப்பு வெச்சுட்டாங்க. அந்த வெட்டு வழியா தண்ணி நல்லா வடியுது.