ஒரகடம் லைனுக்கு வராத ஏழு நாள்

எனக்குக் கோபம் வந்தால் கடையில் தொங்கும் பக்கெட்டுகள்கூட ஆடும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். ஃபேன் காற்றில் ஆடுவதையெல்லாம் என் தலையில் கட்டுகிற ஆள் அவர். ஆனால் அந்த வியாழக்கிழமை நான் போட்ட சத்தத்தில் அவை ஆடியிருந்தால் நியாயம்தான்.

ஒரகடத்தில் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கம்பெனிகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே ஒரு பையோடு பஸ்ஸிலிருந்து இறங்குவார்கள். பாய், தலையணை, பக்கெட், மக் நான்கையும் சேர்த்து ‘ரூம் செட்’ என்று ஒரே விலைக்குக் கொடுத்துவிடுவேன். சரக்கு எல்லாம் ஸ்ரீபெரும்புதூரில் மொத்த வியாபாரம் செய்யும் நெல்லையப்பன் அண்ணாச்சியிடம் இருந்து வரும். அவருடைய சேல்ஸ்மேன் தசரதன் அண்ணன் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போய் ஆர்டர் எடுப்பார். அந்தப் பக்கத்துக் கடைகளுக்கு லைன் என்று பெயர். எங்கள் ஒரகடம் லைனுக்கு வியாழக்கிழமை முறை. மறுநாள் டெம்போவில் சரக்கு இறங்கிவிடும்.

அன்றைக்கு நான் நல்ல குஷியில் இருந்தேன். வல்லம் பக்கத்துப் பெண்கள் ஹாஸ்டல் வார்டன் மதிவதனி முதல்முறையாக என்னிடம் நாற்பது ரூம் செட் கேட்டிருந்தாள். திங்கட்கிழமை புதுப் பெண்கள் வருகிறார்கள். இது சரியாக நடந்தால் இனி வருகிற ஒவ்வொரு பேட்ச்சுக்கும் என்னிடமே வாங்குவதாகச் சொல்லியிருந்தாள். நானும் விலையை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவளும் சரி என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியாகிவிட்டது.

தசரதன் அண்ணன் வந்தார். ஆர்டர் புத்தகத்தை எடுப்பதற்கு முன்னால் ஒரு கடிதத்தை நீட்டினார்.

“மதிப்பிற்குரிய சில்லறை வியாபாரிகளுக்கு வணக்கம். கம்பெனி விலை உயர்த்தியுள்ளதால் நமது விலைகளும் மாற்றப்படுகின்றன. புதிய விலைப்பட்டியல் பின்பக்கம் உள்ளது. தங்கள் வசதிக்காக ஏழு நாள் அவகாசம் தரப்படுகிறது. வரும் புதன்கிழமை மாலை வரை கொடுக்கும் ஆர்டர்களுக்கு, இருப்பு உள்ளவரை, பழைய விலையில் பில் போடப்படும். வியாழக்கிழமை முதல் எல்லா ஆர்டருக்கும் புதிய விலை. ஏற்கெனவே பில் போட்டு எடுத்த சரக்குக்கு வித்தியாசம் கேட்கப்படாது. கடிதம் கிடைத்ததற்கு நகலில் தேதியுடன் கையெழுத்திட்டு உதவவும்.”

கடிதத்தின் தேதி போன வியாழக்கிழமை. அவகாசம் முடிந்தது நேற்று.

“இன்னாண்ணா இது? நேத்தோட முடிஞ்சிபோன சமாச்சாரத்த இன்னிக்கு வந்து நீட்ற?”

“போன வாரம் உங்க லைன முடிச்சிகினு நான் திரும்புனப்புறம்தான்மா லெட்டரே அடிச்சாங்க. அந்தந்த லைனுக்கு அந்தந்த நாள்ல கையில குடுத்து கையெழுத்து வாங்கணும்னு அண்ணாச்சி ஆர்டரு. உங்க நாள் இன்னிக்குத்தான?”

“அப்போ எங்களுக்குக் குடுத்த ஏழு நாளும் உன் பையிலயே குந்திகினு இருந்துதா?”

அவர் பாவம், பையைக் குனிந்து பார்த்தார். அதில்தான் இருந்தது என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

புது விலைக்கு வாங்கி மதிவதனிக்குச் சொன்ன விலைக்குக் கொடுத்தால், பாய்க்கும் தலையணைக்கும் நான் கைக்காசு போட வேண்டும். விலையை ஏற்றிச் சொன்னால் முதல் வியாபாரத்திலேயே வாக்கு மாறியவள் ஆவேன். ஹாஸ்டல் கையை விட்டுப் போய்விடும்.

“போன்ல சொல்லியிருக்கலாமே! வாட்ஸ்அப்ல போட்டிருக்கலாமே!”

“அவரு ஒத்துக்க மாட்டாரும்மா. முன்ன ஒருதபா ஒரு கடைக்காரரு லெட்டரே வரலன்னு சாதிச்சி, பழைய ரேட்டுக்கே சரக்கு எடுத்துட்டாரு. அன்னிலேர்ந்து தேதி போட்ட கையெழுத்து இல்லாம யாருக்கும் ரேட்ட மாத்தறதில்ல.”

எனக்குள் பல்பு எரிந்தது. நகலை வாங்கினேன். என் பெயரைச் சின்னதாகவும் அன்றைய தேதியைப் பெரிதாகவும் எழுதினேன். பிறகு எங்கள் லைன் கடைக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டேன். “கையெழுத்து போடுங்க, ஆனா தேதிய மட்டும் கொட்டை எழுத்துல போடுங்க” என்றேன். காரணம் கேட்காமல் ஒத்துக்கொண்டவர் ஒருவர்கூட இல்லை. காரணம் தெரிந்ததும் சிரிக்காதவரும் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்காரரைக் கடையில் உட்கார வைத்துவிட்டு, ஸ்கூட்டியில் ஸ்ரீபெரும்புதூர் போனேன். அண்ணாச்சி குடோன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததும் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று புரிந்துகொண்டு எனக்கும் ஒரு டீ சொன்னார். அந்த மனுஷரிடம் இதுதான் தொல்லை, நிம்மதியாகக் கோபப்பட விடமாட்டார்.

“ஏழு நாள் குடுத்திருக்கேம்லா தங்கச்சி. பொறவு என்ன?”

“யாருக்குக் குடுத்தீங்க? தோ தசரதன் அண்ணன் வர்றாரு, அவரு கொண்டாந்த கையெழுத்தப் பாருங்க.”

தசரதன் அண்ணன் அப்போதுதான் வண்டியை நிறுத்தினார். நகல்களை அண்ணாச்சி ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஒன்றில் தேதி பாதிப் பக்கத்துக்கு இருந்தது. இன்னொருவர் தேதிக்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார்.

“எல்லாவனும் இன்னைத் தேதியப் போட்டிருக்கானுவளே?”

“இன்னிக்குத்தான அண்ணாச்சி கெடைச்சுது? தேதியோட கையெழுத்து இல்லாம ரேட்ட மாத்த மாட்டேன்னு சொன்னது நீங்க. அப்போ நேத்தோட முடிஞ்ச அவகாசம் எங்களுக்குக் கணக்கில்ல. ஏழு நாளு இன்னிலேர்ந்துதான் ஓடுது. நான் ஒரு ஹாஸ்டலுக்கு நாப்பது செட்டுக்குப் பழைய ரேட்ட வெச்சி வெல சொல்லிட்டேன்.”

அவர் கடிதத்தைப் பார்த்தார், நகல்களைப் பார்த்தார், கடைசியில் தசரதன் அண்ணனின் பையை ஒரு முறை முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“நான் போட்ட வேலியில என்னையே மாட்டிவிட்டுட்டியே! சரி, ஆனா இன்னும் ஏழு நாள் தாங்காது தாயி. குடோன்ல பழைய சரக்கு கொஞ்சந்தான் கெடக்கு. மத்த லைன்காரனுவளும் சண்டைக்கு வருவானுவ. நாளைச் சாயந்தரம் வரைக்கும் உங்க லைனுக்கு மட்டும் பழைய விலை. வழக்கமா எடுக்கது எவ்வளவோ அவ்வளவுதான். உன் ஹாஸ்டலுக்கு நீ முன்னமே வெல சொல்லிட்டங்கதுனால அத மட்டும் தனியாத் தாரேன். மக்கு பச்சைக் கலர்தான் இருக்கு, பரவால்லையா?”

“பச்சையோ பழுப்போ, தண்ணி மொண்டா போதும் அண்ணாச்சி.”

அவர் பேனா எடுத்து என் கடிதத்தின் அடியிலேயே எழுதிக் கையெழுத்திட்டார். எனக்கு வந்த சந்தோஷத்தில் டீக்குக் காசு நானே கொடுத்தேன். வீட்டுக்குப் போகும் வழியிலேயே வண்டியை ஓரம் கட்டி மதிவதனிக்குப் போன் செய்து, நான் அண்ணாச்சியை எப்படி மடக்கினேன் என்று ஒன்றுவிடாமல் பீற்றிக்கொண்டேன். அவளும் உம் கொட்டிக்கொண்டே கேட்டாள்.

அடுத்த பேட்ச்சுக்கு எனக்கும் விலை ஏறத்தானே வேண்டும்? வெள்ளிக்கிழமையே நானும் ஒரு கடிதம் அடித்து வைத்தேன். “ஏழு நாள் அவகாசம். வரும் வியாழன் வரை பழைய விலை.” அண்ணாச்சியின் கடிதத்தைப் பார்த்துத்தான் எழுதினேன், கையெழுத்து வாங்குகிற வரி உட்பட.

திங்கட்கிழமை நாற்பது செட்டும் ஹாஸ்டலில் இறங்கியது. புதுப் பெண்கள் பச்சை மக்கைப் பிடித்துக்கொண்டு செல்ஃபி எடுத்தார்கள். மதிவதனி எண்ணிப் பார்த்துப் பணத்தை உடனே அனுப்பினாள். அந்த நல்ல நேரம் பார்த்து என் கடிதத்தை நீட்டினேன்.

அவள் நிதானமாகப் படித்தாள். பேனா கேட்டாள். பெயரைச் சின்னதாகப் போட்டாள். பிறகு திங்கட்கிழமைத் தேதியை அரைப் பக்கத்துக்கு எழுதினாள்.

“அடுத்த பேட்ச்சு ஞாயித்துக்கெழம வருதுக்கா. எனக்கு ஏழு நாளு இன்னிலேர்ந்துதான ஓடுது?”

சரக்கை இறக்க என்னோடு வந்திருந்த என் வீட்டுக்காரர் வண்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“பழைய வெலதான், எழுதிக்கோ” என்றேன்.