பட்டியலில் இல்லாத அத்தியாயம்

என் தங்கை எழுதிய புத்தகம் ஒரே ஒரு வேர்ட் ஃபைலாக என் மேசைக்கு வந்தது. அவள் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலமே முடிந்திருந்தது. ஊர்ப்பட்ட எழுத்தாளர்களின் கையெழுத்துப் பிரதிகளை மின்நூலாக மாற்றிக் கொடுக்கும் அலுவலகத்தில்தான் எனக்குப் பிழைப்பு. அதனால் பதிப்பாளர் யோசிக்கவே இல்லை, நேராக என்னிடமே தள்ளிவிட்டார். "உங்க தங்கச்சிதானே, நீங்களே பாத்துக்கிட்டா நல்லா இருக்கும்" என்றார். நல்லா இருக்குமாம். நான் தலையை ஆட்டினேன். அந்த நாட்களில் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வாத்தியாராக இருந்தவள். பயந்தாங்கொள்ளிகளையும் அடாவடிகளையும் பக்கத்தில் உட்காரவைத்துத் தெருத்தெருவாகச் சுற்றியதைத்தான் எழுதியிருந்தாள். "இடது கண்ணாடி", "அரைக் கிளட்ச்", "மேட்டில் நிற்கும் வண்டி" என்று அத்தியாயங்களுக்குப் பெயர். எண் கிடையாது, பெயர் மட்டும்தான். சமர்ப்பணம்: 'கற்றுக்கொள்ள வந்து கம்பத்தில் மோதியவர்களுக்கு.' எழுத்தைப் பெரிதாக்கிக் கறுப்பாக்கினால் தலைப்பு ஆகிவிடும் என்று நினைத்தவள் அவள். அது கண்ணுக்குத்தான் தலைப்பு, கணினிக்கு அதுவும் சாதாரண வரிதான். வேர்டிலேயே இருக்கும் தலைப்புப் பாணியில் தட்டச்சு செய்திருந்தால் மென்பொருளே ஒவ்வொரு தலைப்பிலும் வெட்டி, அத்தியாயத்துக்கு ஒரு ஃபைலாகப் பிரித்துத் தந்திருக்கும். இப்போது நானே ஒவ்வொரு இடமாகப் போய் வெட்ட வேண்டியிருந்தது.

வெட்டினேன். வாசிக்காமல் வெட்டினேன். எங்கள் தொழிலில் அதற்குப் பழக்கம் வேண்டும், எனக்கு அது ஏராளம். பத்தி எங்கே முடிகிறது, சாய்வெழுத்துக்கான குறி எங்கே மூடப்படவில்லை என்பதோடு கண் நின்றுவிடும். தங்கையின் புத்தகம் என்பதற்காகக் கண் கலங்கவில்லை. கலங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல் சில வரிகளை வேண்டுமென்றே வாசித்தும் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

வெட்டிய ஃபைல்களை முதல் தடவை ஒரே நூலாகக் கட்டியபோது "இடது கண்ணாடி"க்கு அடுத்து பத்தாவது அத்தியாயம் வந்து உட்கார்ந்தது. ஃபைல்களுக்கு ஒன்று, இரண்டு என்று வெறும் எண்ணைப் பெயராக வைத்ததன் வினை. மென்பொருள் அகரவரிசைபோல அடுக்கும்போது ஒன்றுக்குப் பின்னால் பத்தைத்தான் வைக்கும். வந்த முதல் வாரத்தில் புதுசுகள் செய்கிற தப்பு அது. பக்கத்து மேசையில் இருக்கும் மெய்ப்பு பார்ப்பவர், எங்களுக்குக் 'காற்புள்ளி', எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, உங்க தங்கச்சி ரிவர்ஸ் கியர்ல போறாங்க?" என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்கு அப்போதும் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. முன்னால் பூஜ்யம் சேர்த்துப் பெயர்களை மாற்றினேன்.

அடுத்த நாள் மாப்பிள்ளை அலுவலகத்துக்கு வந்தார். தங்கையின் கணவர். முறைக்கு என்னை அண்ணி என்று கூப்பிட வேண்டியவர், அவள் கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு அவரும் அக்கா என்றே கூப்பிடுவார். அட்டைப்படத்துக்காக ஒரு புகைப்படம் கொண்டுவந்திருந்தார். ஸ்டியரிங் முன்னால் அவள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு. "இதுதான் தொறந்தவுடனே வரணும்" என்றார். அதை அட்டைப்படம் என்று குறித்தேன். அதற்கென்று ஒரு பக்கம் செய்து வரிசையில் முதலில் வைத்தேன். அதன்பின் தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம், சமர்ப்பணம், உள்ளடக்கம், அப்புறம் அத்தியாயங்கள். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். உள்ளடக்கப் பட்டியல் திரையில் வந்ததும் அவர் விரல் ஓர் இடத்தில் நின்றது.

"பின் இருக்கை" என்று இருந்தது. ஏழாவது அத்தியாயம்.

"இது லிஸ்ட்ல வேண்டாம்க்கா."

"ஏன் மாப்ளே?"

"அந்தப் பேரைப் பாத்தாலே தெரியுது, எதைப் பத்தின்னு. அன்னைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது."

எனக்கும் தெரிந்தது. எட்டாம் மாதத்தில் குழந்தை இறந்து பிறந்தது. அவளைப் பின் இருக்கையில் படுக்கவைத்து அவர்தான் ஓட்டிக்கொண்டு வந்தார். கார் ஓட்டவே அவளிடம்தான் கற்றுக்கொண்டார். அதுவும் அரைகுறையாக.

"நீங்க படிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. படிக்க மாட்டேன். என்ன எழுதியிருப்பான்னு தெரியாதா? நான் ஒரு சொட்டு கண்ணீர் விடலேன்னு உங்க அம்மாவே வாய்விட்டுச் சொன்னாங்க. கல்லு மாதிரி நின்னான்னு. அவளும் அப்படித்தானே நெனச்சிருப்பா. அதை ஊரெல்லாம் படிக்கணுமா?"

அம்மா சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். மறுத்துப் பேசவில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன், சொல்லத்தான் இல்லை. இப்போது அவர் முகத்தைப் பார்த்தபோது அந்த நினைப்பு அப்படியே உள்ளே இருப்பது எனக்கே தெரிந்தது. சரி என்று மட்டும் சொன்னேன். அவர் போனார்.

மின்நூலுக்குள் இரண்டு வரிசைகள் உண்டு. ஒன்று, பக்கம் புரட்டப் புரட்ட எந்த ஃபைலுக்குப் பின் எந்த ஃபைல் வரும் என்று சொல்வது. எங்கள் பாஷையில் அதற்கு முதுகெலும்பு. இன்னொன்று, வாசகர் விரலால் தொட்டு நேராக ஓர் அத்தியாயத்துக்குத் தாவுவதற்கான பட்டியல். பட்டியலிலிருந்து ஒரு வரியை எடுத்துவிட்டால் அந்தப் பெயர் மறையும். ஆனால் முதுகெலும்பில் அந்த ஃபைல் இருக்கும்வரை, ஆறாவதை முடித்துப் பக்கத்தைத் தள்ளுபவருக்கு ஏழாவது வந்தே தீரும். சரிபார்க்கும் மென்பொருளும் அதற்கு வாய் திறக்காது. அதன் கணக்கில் அது பிழையே இல்லை.

பட்டியலிலிருந்து அந்த வரியை எடுத்தேன். பழைய வாசிப்புக் கருவிகளுக்காக வைக்கிற இன்னொரு பட்டியலிலும் எடுத்தேன். உள்ளடக்கப் பக்கத்திலும் எடுத்தேன். பிறகு முதுகெலும்புக்குப் போய் அந்த ஃபைலின் வரியில் கர்சரை வைத்தேன். ஒரு விசை போதும். கை போகவில்லை.

காற்புள்ளி கடைசிச் சோதனைக்கு வாங்கிப் பார்த்தார். சும்மா இருப்பாரா? "லிஸ்ட்ல ஒண்ணு குறையுதே?" என்றார்.

"குறையட்டும்."

"மறந்துட்டீங்களா, வேணும்னேவா?"

"லிஸ்ட்ல வேண்டாம்னு சொன்னாரு. லிஸ்ட்ல இல்ல. அவ்வளவுதான்."

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அவரு சொன்னது அது இல்லேன்னு உங்களுக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார். உண்மைதான். மாப்பிள்ளைக்கு முதுகெலும்பு பற்றி என்ன தெரியும்? சொன்ன சொல்லுக்குள் நான் ஒளிந்துகொண்டேன். அவர்மேல் இருந்த கோபமும் அதில் ஒரு பங்கு என்று இப்போது தோன்றுகிறது. தங்கை எழுதியதை அழிக்க இவர் யார் என்ற கோபம். கோபம் என்றுகூட அப்போது தெரியவில்லை. வேலையை முடித்தோம் என்றுதான் இருந்தது. கடைகளில் ஏற்றுமுன் குடும்பத்தின் ஒப்புதல் வேண்டும் என்று பதிப்பாளர் சொன்னதால், நூலை மாப்பிள்ளையின் கைப்பேசிக்கு அனுப்பிவைத்தேன்.

காலையில் நான் வருவதற்கு முன்பே அவர் என் மேசையருகே நின்றுகொண்டிருந்தார். சட்டை கசங்கியிருந்தது. கண்கள் வீங்கியிருந்தன. பார்த்தவுடன் காற்புள்ளி தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு நைசாக வெளியே நழுவினார்.

"அது உள்ள இருக்குக்கா" என்றார்.

நான் முந்திக்கொண்டேன். "நீங்க லிஸ்ட்ல வேண்டாம்னுதான் சொன்னீங்க மாப்ளே. லிஸ்ட் வேற, வரிசை வேற. லிஸ்ட்ல எடுத்தாலும்..."

"வக்கீல் மாதிரி பேசாதீங்கக்கா."

கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தினால் தேவலை என்றும் இருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

"ஆறாவதை முடிச்சேன். அது நல்ல சிரிப்பா இருந்துச்சு. அந்தக் கசாப்புக் கடைக்காரர் வண்டியை மேட்டுல விட்டுட்டு எறங்கி ஓடுறது. சிரிச்சுக்கிட்டே தள்ளினேன். இது வந்து நின்னுச்சு. ஒரு அறிவிப்பும் இல்லாம."

"எடுத்துடறேன்" என்றேன். "இப்பவே எடுத்துடறேன்."

"எடுக்கக் கூடாது." கைப்பேசியை என் பக்கம் நீட்டினார். "லிஸ்ட்ல போடுங்க. பேரோட போடுங்க. வர்றவங்களுக்கு முன்னாடியே தெரியட்டும். நான் விழுந்த மாதிரி யாரும் தெரியாம வந்து விழ வேண்டாம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கணினியைத் திறந்தேன். எடுத்த இடங்களிலெல்லாம் அந்த வரியைத் திரும்ப எழுதினேன், ஆறாவதற்கும் எட்டாவதற்கும் நடுவில். வரிசை பிசகினால் சரிபார்ப்பில் எச்சரிக்கை வரும். வரவில்லை. புதிதாகக் கட்டிய நூலைத் திரையில் திறந்து, பட்டியலில் "பின் இருக்கை"யைத் தொடச் சொன்னேன். இணைப்பு சரியான இடத்துக்குப் போகிறதா என்று யாராவது தொட்டுத்தானே பார்க்க வேண்டும். அவர் தொட்டார். போனது.

"நீங்க படிச்சீங்களாக்கா?"

"இல்ல."

"வெட்டி ஒட்டினீங்க, படிக்கலையா?"

"இல்ல மாப்ளே. எதையுமே முழுசாப் படிக்கல. முடியல."

நான் அதைச் சொல்லுவேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. பிறகு திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, மெல்ல, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

'என் மாணவர்களிலேயே மோசமானவர் அன்று வண்டியை ஓட்டினார். பின் இருக்கையில் நான் படுத்திருந்தேன். கிளட்சை அவர் இவ்வளவு மெதுவாக விட்டு நான் பார்த்ததே இல்லை. ஒரு குலுக்கல் இல்லை. உட்காரும்போதே கண்ணாடியைச் சரிசெய்யுங்கள் என்று நான் தலையால் அடித்துக்கொண்டாலும் கேட்காதவர். அன்றும் சரிசெய்யவில்லை. கண்ணாடி பின்னால் தெரியும் சாலையைக் காட்டாமல், கீழே சாய்ந்து என்னைப் பார்த்தபடி இருந்தது. அதில் அவர் முகம் தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் சத்தமே இல்லாமல் அழுதுகொண்டு வந்தார். இறங்குவதற்கு முன்னால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடியைச் சரிசெய்யச் சொல்லி நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரிந்துபோயிருக்கும்.'

அதற்கு மேல் அவரால் வாசிக்க முடியவில்லை. மீதியை நான் வாசித்தேன்.