n-க்கு ஒன்று போட்டால்

ஒரே வீட்டுக்கு மருமகள்கள் நாங்கள் இரண்டு பேர். ஒரே கல்லூரியில் தற்காலிகக் கணித ஆசிரியைகளும் நாங்கள்தான். நிரந்தர இடம் ஒன்று காலியானபோது இருவரும் விண்ணப்பித்தோம். எட்டு வருடமாக அந்த இடத்துக்காக நான் காத்திருக்கிறேன். என் ஓரகத்தி கல்லூரிக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது.

மாதிரி வகுப்பில் தேர்வுக்குழு முன்வரிசையில் உட்காரும். மற்ற போட்டியாளர்கள் மாணவர்களாகப் பின்னால் உட்கார்ந்து சந்தேகம் கேட்கலாம். எங்கள் இருவருக்கும் ஒரே கணக்கு: சைன் x, சைன் 2x, சைன் 3x என்று சைன் nx வரை கூட்ட வேண்டும்.

முதலில் நான். மொத்தத்தையும் 2 சைன் x/2-ஆல் பெருக்கினேன். ஒவ்வொரு உறுப்பும் இரண்டு கோசைன்களின் வித்தியாசமாகி, நடுவில் இருப்பவை அடிபட்டுப் போயின. விடை சரி.

"அதால பெருக்கணும்னு பசங்களுக்கு எப்படித் தோணும்?" என்று கேட்டார் குழுவில் இருந்த துறைத்தலைவர்.

"பழகினா தோணும் சார்."

அவர் தலையாட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்து அவள். கோசைன் x + i சைன் x என்பதை z என்று எழுதினாள். "z-ஓட ரெண்டாவது அடுக்கு எடுத்தா சைன் 2x வரும், மூணாவது எடுத்தா சைன் 3x. அப்ப நம்ம கூட்டுத்தொகை, ஒரு பெருக்குத் தொடரோட கற்பனைப் பகுதிதான்." குழு நிமிர்ந்து உட்கார்ந்தது. எனக்கு வயிறு எரிந்தது. இது எனக்கும் தெரிந்ததுதானே, ஏன் தோன்றவில்லை?

z(zⁿ − 1)/(z − 1) என்று எழுதியவள், அவசரத்தில் மேலே தனியாகவும் கீழே தனியாகவும் கற்பனைப் பகுதியை எடுத்துவிட்டாள். (சைன் (n+1)x − சைன் x)/சைன் x. குழுவில் ஒருவரும் கவனிக்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கையைத் தூக்கினேன்.

"n-க்கு ஒண்ணு போட்டுப் பாருங்க மேடம்."

போட்டாள். சைன் x வர வேண்டிய இடத்தில் 2 கோசைன் x − 1 வந்தது. முகம் வெளுத்தது. ஆனால் துடைப்பானை எடுக்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

"தப்பு. வகுத்தலோட கற்பனைப் பகுதி, கற்பனைப் பகுதிகளோட வகுத்தல் இல்ல. கீழே i இருக்கிற வரைக்கும் பிரிக்கக் கூடாது. மொதல்ல அதை வெளியே அனுப்புவோம்."

zⁿ − 1-இலிருந்து z-இன் n/2 அடுக்கை வெளியே எடுத்தாள். உள்ளே 2i சைன் nx/2 மிஞ்சியது. z − 1-இலும் அப்படியே. 2i சைன் x/2. இரண்டு 2i-யும் அடிபட்டன. இப்போது கீழே வெறும் மெய்யெண். வெளியே எடுத்தவை சேர்ந்து z-இன் (n+1)/2 அடுக்காக நின்றன. அதன் கற்பனைப் பகுதியை எடுத்தாள்: சைன் (n+1)x/2 · சைன் nx/2 / சைன் x/2. n-க்கு ஒன்று போட்டாள். சைன் x.

"x/2 எங்கிருந்து வருதுன்னு இப்பத்தான் புரியுது," என்றார் துறைத்தலைவர், என் பக்கம் திரும்பாமலே.

சாயங்காலமே முடிவு வந்துவிட்டது. வேலை அவளுக்கு. வீட்டில் மாமியாரிடம் அவள் கண் கலங்கச் சொன்னாள்: "அக்கா மட்டும் கேக்கலைன்னா தப்போடயே எறங்கியிருப்பேன் அத்தை. குழுவே சொன்னாங்க, தப்பைத் திருத்தின விதம் பார்த்துத்தான் எடுத்தோம்னு."

"போட்டின்னு பார்க்காம கேட்டிருக்கியே. இந்த மனசு யாருக்கும்மா வரும்?" என்று மாமியார் என் கன்னத்தைத் தடவினார்.

நான் சிரித்துக்கொண்டே நின்றேன். வேறு என்ன செய்ய முடியும்?