5433-ல் உட்கார்ந்திருந்தது யார்

டீம் லீடர் விஜய்ஆனந்த் கத்தினால் கே.கே. நகரின் அந்த மாடி சாஃப்ட்வேர் அலுவலகத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் ரொம்ப மும்முரமாக வேலை பார்ப்பார்கள். அன்று காலையும் அப்படித்தான். அவர் தாமரைச்செல்வியின் நாற்காலிக்குப் பின்னால் நின்று கத்த, பக்கத்து இருக்கை கோகுல்நாத் தன் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

"கண்ண எங்கம்மா வச்சிருந்த? டெஸ்ட் சர்வரச் சுத்தம் பண்ணச் சொன்னா லைவ்ல போயி கைய வச்சிருக்க! ஸ்கேன் சென்டர்ல ஒரு டோக்கன் இல்ல. சனம் கவுண்டர அடிச்சு நொறுக்குது. மேனேஜர் போன் பண்ணி யாருய்யா இந்த வேலையப் பாத்ததுன்னு கேட்டாரு. தாமரைச்செல்வின்னு சொல்லிட்டேன்."

"என் பேரச் சொல்லிட்டீங்களா? என்ன நடந்துச்சுன்னே தெரியாம?"

"தெரியறதுக்கு என்ன இருக்கு? அழிச்சது நீதான? உன்ன இந்த வேலையில இருந்து தூக்குறதா மெயில் அடிச்சுட்டு இருக்கேன். மேடம் பாத்ததும் போயிரும்."

தாமரைச்செல்விக்குக் காது இரண்டும் சுட்டது. வாடிப்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கி வந்து, இரண்டு வருடமாக ஒரு சொல் கேட்காமல் வேலை பார்த்தவள். இந்த மெயில் போனால் மதுரையில் இருக்கிற நாலு கம்பெனியிலும் 'லைவை அழித்த பொண்ணு' என்று பெயர் தங்கிவிடும். இந்த ஊரில் செய்தி மினி பஸ்ஸை விட வேகமாகப் போகும்.

அழித்தது அவள்தான், அதில் சந்தேகமில்லை. பரிசோதனைக்கு வைத்திருக்கும் பொய் டோக்கன்களைத் தினமும் காலையில் துடைப்பது அவள் வேலை. அலுவலகத்துக்குப் பொதுவாக ஒரு லினக்ஸ் கணினி உண்டு. அவரவர் பெயரில் அதற்குள் நுழைந்து, அங்கிருந்துதான் ஸ்கேன் சென்டரின் சர்வர்களுக்கு ரகசிய வழி, அதாவது டன்னல், போட வேண்டும். அந்தக் கணினியில் ஒரு போர்ட் எண்ணைத் திறந்து வைத்தால், அதற்குள் போடுகிறதெல்லாம் டன்னல் வழியே தூரத்து டேட்டாபேஸில் போய் விழும். 5433 டெஸ்டுக்கு, 5434 லைவுக்கு, அதாவது நிஜ டோக்கன்கள் இருக்கும் சர்வருக்கு. இந்தச் சட்டத்தைப் போட்டதே விஜய்ஆனந்த்தான். அவள் 5433-ல்தான் போட்டாள். பிறகு எப்படி லைவ் அழிந்தது?

காலையில் டன்னல் போட்ட சன்னல் திரையில் இன்னும் திறந்தே இருந்தது. மேலே தள்ளிப் பார்த்தாள். உள்ளே நுழைந்ததும் அந்த சர்வர் முழ நீளத்துக்கு ஓர் எச்சரிக்கைப் பத்தியைக் கொட்டும். அதற்கு மேலே, யார் கண்ணிலும் படாத இடத்தில், மூன்று வரிகள் ஒதுங்கிக் கிடந்தன. 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்.' 5433-ல் வேறு யாரோ ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்கள், உன் டன்னலைத் திறக்க முடியவில்லை என்று அர்த்தம். முடியவில்லை என்றால் அங்கேயே நின்று தொலைய வேண்டியதுதானே? நிற்காது. சொல்வதைச் சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல உள்ளே விட்டுவிடும். அவளும் டன்னல் திறந்துவிட்டது என்று நம்பி 5433-க்குள் போயிருக்கிறாள். போனது அந்த யாரோ போட்டு வைத்த டன்னலுக்குள்.

"அண்ணே, 5433-அ வேற யாரோ பிடிச்சு வச்சிருந்திருக்காங்க. இங்க பாருங்க."

"எவன் பிடிச்சான்? lsof போட்டுப் பாரு."

போட்டாள். எந்தப் போர்ட்டில் யார் என்று காட்டும் கட்டளை அது. ஒன்றுமே வரவில்லை.

"பாத்தியா? காலி. சாக்குச் சொல்லாத."

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், ஆத்திரத்தில் வரவில்லை. சாதாரணக் கணக்கில் இருந்து lsof போட்டால் தன் பெயரில் ஓடுகிற புராசஸ் மட்டும்தான் தெரியும், அடுத்தவருடையது தெரியாது என்பது இந்த மனிதருக்குத் தெரியாதா? திறந்திருக்கும் போர்ட்டுகளையெல்லாம் பட்டியலிடும் ss போட்டாள். 5433-ல் யாரோ காத்திருப்பதாக வரி வந்தது. பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமை. அப்படியென்றால் ஆள் இருக்கிறார், அந்த ஆள் அவள் இல்லை. அடுத்து ps போட்டு, ஓடுகிற ssh, அதாவது டன்னல் போடும் கட்டளைகள், எல்லாவற்றையும் வரிசையாகக் கொண்டுவந்தாள்.

ஒரு வரியில் முதல் சொல் 'vijay'. கடைசியில் -L 5433, அதன் பின்னால் லைவ் சர்வரின் பெயர். 5433-லிருந்து லைவுக்கு டன்னல்.

"உங்க பேரு வருதுண்ணே."

விஜய்ஆனந்த் குனிந்து பார்த்தார். முகம் வெளுத்தது. காலையில் அவசரத்துக்கு ஏதோ பார்க்க லைவுக்கு வழி போட்டிருக்கிறார், பழக்க தோஷத்தில் 5433 என்று அடித்திருக்கிறார், பின்னணியில் ஓட விட்டுவிட்டு சன்னலை மூடியிருக்கிறார். சன்னலை மூடினால் அது சாகாது. போதாக்குறைக்கு இரண்டு சர்வருக்கும் ஒரே பாஸ்வேர்டு. அதுவும் ஐயாவின் ஏற்பாடுதான். அதுவரை மறதி. மறதியை யாரும் தூக்கில் போட மாட்டார்கள்.

அவர் தன் இருக்கைக்குப் போய் உட்கார்ந்து எதையோ தட்டினார். தட்டியது என்ன என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அவர் பெயரில் ஓடுவதை அவளால் நிறுத்த முடியாது. அவர் நினைத்தால் ஒரு நொடி.

கம்பெனி முதலாளி வசுந்தரா அறையிலிருந்து வெளியே வந்தார். "என்ன சத்தம்? பேக்கப் போட்டாச்சா?"

"நேத்து ராத்திரி வரைக்கும் வந்துருச்சு மேடம், காலையில குடுத்த டோக்கன மறுபடி ஏத்தணும்" என்றான் கோகுல்நாத்.

"தாமரை போர்ட்ட எவனோ பிடிச்சிருந்தான்னு கதை விடுது மேடம்" என்றார் விஜய்ஆனந்த், குரல் தேனாக. "ஏம்மா, இப்ப போட்டுக் காட்டு."

போட்டாள். ss-ல் 5433 இல்லை. ps-ல் அவர் பெயர் இல்லை.

"மேல உங்க பேரு என்னமோ தெரியுதே விஜய்?" என்றார் வசுந்தரா.

"அது என்னைக்கோ உள்ளது மேடம். நான் பல தடவ டன்னல் போட்டிருக்கேன்ல" என்றார் விஜய்ஆனந்த்.

தாமரைச்செல்விக்கு அப்போதுதான் உடம்பெல்லாம் பற்றியது. மறந்ததைக் கூட விட்டுவிடலாம். என் கண் முன்னாலேயே டன்னலைக் கொன்று போட்டுவிட்டு, என்னையே பொய்க்காரி என்கிறாயே! காலையில் அடித்த அதே டன்னல் வரியை மறுபடி அடித்தாள். முணுமுணுப்பே இல்லாமல் திறந்தது.

"மேடம், காலையில இதே வரிக்குத்தான் ஆளு இருக்குன்னு வந்துச்சு. அந்த வரிய நான் படிக்கல, அது என் தப்பு, எழுதிக்கோங்க. கொஞ்ச நேரம் முன்னாடி வரைக்கும் அந்த ஆளு அங்கதான் இருந்துச்சு. இப்ப எந்திரிச்சுப் போயிருச்சு. நடுவுல அண்ணேதான் தன் இடத்துக்குப் போயி கீபோர்டுல கை வச்சாரு. என்ன தட்டுனீங்கண்ணே?"

வசுந்தரா கோகுல்நாத்தைப் பார்த்தார். விஜய்ஆனந்தின் திரை அவன் கண்ணுக்கு நேரே தெரியும்.

"kill, மேடம்" என்றான். ஓடுவதை நிறுத்தும் கட்டளை அது. சொன்ன பிறகு மூச்சு விட்டான்.

வசுந்தரா மேசை மேல் கிடந்த விஜய்ஆனந்தின் போனை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "ஸ்கேன் சென்டருக்குப் போடுங்க. ஸ்பீக்கர்ல."

"மேடம், கஸ்டமர்கிட்டப் போயி நம்ம உள் விவகாரத்த..."

"தாமரை பேரச் சொன்னப்ப அது உள் விவகாரமா தெரியலயா? போடுங்க."

போட்டார். அங்கிருந்து மேனேஜரின் குரல் கூட்டத்தின் இரைச்சலோடு வந்தது. "சொல்லுங்க விஜய். அந்தத் தாமரைச்செல்விங்கிற பொண்ணத் தூக்கியாச்சா இல்லையா?"

விஜய்ஆனந்த் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஹலோ? ஹலோ?" என்றது போன்.

தாமரைச்செல்வி எழுந்து வந்து, போன் பக்கம் குனிந்தாள்.

"தூக்கல சார். அந்தப் பொண்ணுதான் பேசுறேன், இங்கதான் நிக்கிறேன். விஜய் அண்ணே உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அவரு சொல்லி முடிக்கிற வரைக்கும் லைன்ல இருங்க."